மூன்றுக்கும் ஆறுக்கும் நடுவில் ஒரு கோடு

எண்பதுகளின் கடைசியில் நான் வேலப்பன்சாவடிக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் சமூகவியல் நடத்திக்கொண்டிருந்தேன். தற்காலிக விரிவுரையாளர். பெயர் பெரிதாக இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். எடுத்த வகுப்புக்குத்தான் சம்பளம், கோடை விடுமுறை என்றால் அதுவும் கிடையாது. ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து பூந்தமல்லி போய், அங்கே பஸ் மாறி, புடவை கசங்கி, வகுப்புக்குள் நுழையும்போதே பாதி உயிர் போயிருக்கும்.

எங்கள் துறையில் ஒரு நிரந்தர இடம் காலியாகப் போகிறது என்று பேச்சு வந்தது. முதல்வர் என்னைக் கூப்பிட்டு, "நல்ல ஜர்னல்ல உன் ஆராய்ச்சி ஒண்ணு வந்துட்டா நான் தைரியமா உனக்குச் சொல்லுவேன்மா" என்றார். அன்றிலிருந்து எனக்குச் சோறு தண்ணி எல்லாம் அதுதான். அந்த இடம் எனக்கு வேண்டும். அதற்கு என் பெயர் அச்சில் வேண்டும். அப்பா ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கையில் விஷயம் இருந்தது. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் சின்னச் சின்னப் பட்டறைகளில் மோட்டாருக்குக் கம்பிக் காயில் சுற்றும் பெண்களைப் பற்றி எம்.ஃபில். படிக்கும்போதே விசாரித்து வைத்திருந்தேன். நாள் முழுக்க மெல்லிய செம்புக் கம்பியைச் சுற்றிச் சுற்றி அவர்களுக்கு மணிக்கட்டு போய்விடும். ராத்திரியில் கை மரத்துப்போய் எழுந்து உட்கார்ந்து உதறுவார்கள். ஆனால் பட்டறைக்காரர் அனுப்பும் கிளினிக்கில் கேட்டால் ஒருத்தியும் வாயைத் திறக்க மாட்டாள். அதே பெண்களை நான் அத்திப்பட்டிலும் மண்ணூர்பேட்டையிலும் வீட்டில் போய்க் கேட்டபோது, பெரும்பாலோர் கையை நீட்டிக் காட்டினார்கள்.

ஏன் கிளினிக்கில் சொல்லவில்லை என்று ஒருத்தியிடம் கேட்டேன். அரிசி களைந்துகொண்டே சொன்னாள்: "இன்னாம்மா நீ, படிச்ச பொண்ணு தானே? மேஸ்திரி அங்கியே பெஞ்சுல குந்திகினு கீறான். கை வலிக்குதுன்னு சொன்னா நாளைக்கு அந்த மிஷின்ல வேற ஒருத்தி குந்தியிருப்பா. ஊட்ல வந்து கேளு, சொல்றேன்."

என் கண்டுபிடிப்பு அவ்வளவுதான். எங்கே வைத்துக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து நோய் இருக்கிறது, இல்லாமல் போகிறது. சொன்னால் இரண்டு வரி. அதற்காக ஒரு வருடத்துக்கும் மேல் வெயிலில் நடந்து, நாய் துரத்தி, சந்தேகப்பட்ட புருஷன்மார்களிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். கிளினிக்கில் எடுத்த கணக்கை வைத்துக்கொண்டு எஸ்டேட்டில் யாருக்கும் ஒன்றும் இல்லை என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் தப்பு என்று அந்த இரண்டு வரி சொன்னது.

அம்பத்தூரில் எலும்பு மருத்துவர் ஒருவர் இருந்தார். பெரிய மருத்துவமனை ஒன்றிலும் அவருக்குப் பொறுப்பு உண்டு. தொழிலாளர் நோய்களில் அக்கறை உள்ளவர். அதை நான் மறுக்கவில்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். என் விசாரணையைப் பற்றி யார் மூலமாகவோ கேள்விப்பட்டு வரச் சொன்னார். நான் குறித்து வைத்திருந்ததையெல்லாம் படித்துவிட்டு நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "நாங்க இத்தனை வருஷமா தப்பான எடத்துல கேட்டுக்கிட்டு இருந்திருக்கோம்மா. நரம்புச் சோதனை நான் பண்றேன். வீட்டு விசாரணை நீங்க குடுங்க. சேர்ந்து பேப்பர் போடுவோம். உங்க பேர் வரும்மா, கவலையே படாதீங்க."

வந்தது. முதலில் நகரத்தில் நடந்த மருத்துவர் மாநாடு ஒன்றில் வாசித்து, மாநாட்டு மலரில் அச்சான சின்ன அறிக்கையில் வந்தது. அதில் ஏழு பேர் பெயர். முதலில் டாக்டர், பிறகு அவருடைய இரண்டு உதவி மருத்துவர்கள், நாலாவது நான், எனக்குப் பின்னால் சோதனை செய்தவர், கணக்குப் போட்டவர். ஏழாவது, அந்த மருத்துவமனையின் தலைவர். அவர் ஒரு மணிக்கட்டைக்கூடத் தொட்டதில்லை. பெரியவர் பெயரைக் கடைசியில் போட்டால் மரியாதை, போடாவிட்டால் அடுத்த முறை சோதனைக் கருவி கிடைக்காது. அங்கே அது வழக்கம். நானும் சரி, ஏழாவதாகத்தானே, நமக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன். என்ன நஷ்டம் என்று பின்னால் தெரிந்தது.

அடுத்து டாக்டர் பெரிய கட்டுரை எழுதினார். மருத்துவ ஜர்னலுக்கு. அதில் ஆசிரியர்களாக மருத்துவர்கள் மட்டும். "அது கிளினிக்கல் பேப்பர்மா. உங்க பங்கு மலர்ல வந்துடுச்சு இல்லையா, அதை ரெஃபரன்ஸா குடுக்கிறேன்" என்றார். வரைவைக் காட்டினார். முதல் வாக்கியமே என் விஷயம்: கிளினிக்கில் மறைப்பதை வீட்டில் சொல்கிறார்கள். வாக்கியத்தின் முடிவில், வரிக்குத் தலைமேல் பொடியாக '1' என்று ஓர் எண். கடைசிப் பக்கத்துப் பட்டியலில் ஒன்றாம் எண்ணுக்கு எதிரே எங்கள் மாநாட்டு அறிக்கை.

எனக்கு அந்த முறை புதிது. எங்கள் துறையில் வாக்கியத்துக்குள்ளேயே அடைப்புக்குறி போட்டு, சொன்னவர் பெயரும் வருடமும் எழுதுவோம். பட்டியல் அகர வரிசையில் இருக்கும். இவர்களுக்கு எண் மட்டும். கட்டுரையில் முதலில் எடுத்தாளும் நூலுக்கு ஒன்று, அடுத்ததற்கு இரண்டு. அதே நூல் மறுபடி வந்தால் அதே எண். பட்டியலும் அந்த வரிசையில்தான். பெயர் இல்லையே என்று மனசு உறுத்தினாலும், ஒன்றாம் எண் என்பது கொஞ்சம் கிறக்கமாகத்தான் இருந்தது. வீட்டில் சொன்னேன். "ஒண்ணாம் நம்பரா? அப்ப ரேங்க் வாங்கிட்டேன்னு சொல்லு" என்று அண்ணன் கிண்டல் செய்தான்.

ஜர்னல்காரர்கள் திருத்தம் கேட்டார்கள். வெளிநாட்டு ஆய்வுகள் போதவில்லையாம். டாக்டர் முன்னுரையின் தலையில் ஒரு வாக்கியத்தைச் சேர்த்து இரண்டு வெளிநாட்டு ஆய்வுகளை வைத்தார். அவை ஒன்று, இரண்டு ஆயின. அதன் பிறகு என் வாக்கியம். அதற்கும் துணையாக இன்னும் மூன்று ஆய்வுகளைச் சேர்த்தார், ஒன்று எங்களுடையதற்கு முன்னால், இரண்டு பின்னால். முன்னால் மூன்று புகுந்ததால் என் ஒன்று நாலு ஆனது. அதற்குக் கீழே கட்டுரை முழுக்க எல்லா எண்ணும் தள்ளிப் போயின. டாக்டர் கிளினிக்கில் ஓர் உதவி மருத்துவர் வொயிட்னர் பாட்டிலை வைத்துக்கொண்டு எண்களை அழித்து அழித்து மாற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். எங்கள் முறையில் ஒன்றைச் சேர்த்தால் அதை மட்டும் அகர வரிசையில் செருகினால் போதும், மற்றது அசையாது என்று பெருமையாகச் சொன்னேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

ஜர்னல் வந்தது. நேர்காணலுக்கு ஒரு வாரம் இருந்தது. டாக்டர் கிளினிக்கில் ஒரு பிரதி வாங்கி, அம்பத்தூர் ரயில் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்து பிரித்தேன். என் வாக்கியம் இருந்தது. அதன் தலைமேல் '3–6' என்று இருந்தது. அடுத்தடுத்த எண்களாக இருந்தால் முதலையும் கடைசியையும் போட்டு நடுவில் ஒரு கோடு இழுத்துவிடுவார்களாம். மூன்று இருக்கிறது. ஆறு இருக்கிறது. நாலு இல்லை. நான் அந்தக் கோட்டுக்குள் இருந்தேன்.

சரி, பட்டியலிலாவது பார்ப்போம் என்று கடைசிப் பக்கம் போனேன். நாலாம் எண்ணுக்கு எதிரே டாக்டர் பெயர், இரண்டு உதவி மருத்துவர்கள் பெயர், பிறகு 'மற்றும் பிறர்' என்று அர்த்தமாகும் அந்த லத்தீன் சுருக்கம். ஆசிரியர்கள் ஆறு பேர் வரை இருந்தால் எல்லாரையும் போடுவார்கள், ஏழு ஆகிவிட்டால் முதல் மூன்று பேர்தான் என்பது அந்த ஜர்னலின் விதி. மணிக்கட்டைத் தொடாத அந்த ஏழாவது மனிதர் இல்லாவிட்டால் என் பெயர் அச்சில் இருந்திருக்கும். பெஞ்சில் உட்கார்ந்தபடியே அழுதேன். பக்கத்தில் கீரைக் கட்டோடு உட்கார்ந்திருந்த அம்மாள், "இன்னாம்மா, யாராச்சும் போய்ட்டாங்களா?" என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன்.

நேர்காணலுக்கு வேறு வழியில்லாமல் மலர், ஜர்னல் இரண்டையும் எடுத்துப் போனேன். முதல்வர் அறையில் வெளியிலிருந்து வந்த மூன்று பேராசிரியர்கள். எல்லாரும் சமூகவியல், பொருளாதாரம் ஆட்கள். மாநாட்டு மலரை நடுவில் இருந்தவர் திறந்துகூடப் பார்க்கவில்லை. "மாநாட்டுச் சுவனிர் எல்லாம் கணக்குல வராதும்மா. ஜர்னல் இருக்கா?"

கொடுத்தேன். புரட்டினார். முகம் சுளித்தார். "என்னம்மா இது, வரிக்கு வரி நம்பரா இருக்கு. யார் சொன்னது, எப்பச் சொன்னது, ஒண்ணும் தெரியல. இதுல நீங்க எங்க?"

வாக்கியத்தைக் காட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். "மூணு, கோடு, ஆறு. சரி. இதுல எது நீங்க?"

"நாலு சார்."

"நாலு எங்க இருக்கு?"

"கோட்டுக்குள்ள சார்."

மூன்று பேரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு என்று சொல்ல மாட்டேன், பாவம், அவர்களுக்கு உண்மையிலேயே வேடிக்கையாக இருந்திருக்கும். பட்டியலைத் திருப்பி 'மற்றும் பிறர்' என்பதைக் காட்டினேன். "இதுலயும் இல்லையேம்மா" என்றார் ஓரத்தில் இருந்தவர், குழந்தைக்குச் சொல்கிற மாதிரி. எண் முறை எப்படி, கோடு ஏன், ஏழு பேர் விதி என்ன என்று நான் விளக்க விளக்க, என் காதுக்கே அது பொய் சொல்கிறவள் பேச்சாகக் கேட்டது. முதல்வர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இடம் இன்னொருவருக்குப் போனது. ஏதோ காலாண்டிதழில் எட்டுப் பக்கம் எழுதியிருந்தார். அதில் அவர் பெயர் பளிச்சென்று இருந்தது, அது போதுமே.

மறுநாளே டாக்டர் கிளினிக்குக்குப் போனேன். நோயாளிகள் காத்திருந்தார்கள். பொறுமை எனக்கு எப்போதுமே கம்மி, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், "என் பேர் வரும்னு சொன்னீங்களே டாக்டர், எங்க வந்திருக்கு?" என்று ஜர்னலை மேஜைமேல் போட்டேன்.

அவருக்குப் புரியவே இல்லை. பக்கத்தைப் பார்த்தார். "நாலாவது ரெஃபரன்ஸ் நீங்கதானேம்மா?"

"அந்த நாலே இல்லையே."

"மூணுல இருந்து ஆறுன்னா நாலும் அஞ்சும் உண்டுதானே" என்றார். பிறகு நான் நிற்கும் விதத்தைப் பார்த்து நாற்காலியைக் காட்டினார். நான் உட்காரவில்லை. அவர் விளக்கினார். "எங்க ஆளுங்களுக்கு யார் சொன்னாங்கறது ரெண்டாம்பட்சம்மா. எது நிரூபணம் ஆயிருக்குன்னுதான் பாப்பாங்க. ஒரு வரிக்கு நாலு ஆதாரம், அஞ்சு ஆதாரம் வெப்போம். உங்களை மாதிரி ஒவ்வொருத்தர் பேரையும் வருஷத்தையும் வரிக்குள்ள போட்டா, விஷயமே பேருக்குள்ள மூழ்கிப் போயிடும். ஜர்னல்ல எடமும் கிடையாது. டாக்டர் ரெண்டு பேஷன்ட்டுக்கு நடுவுல படிக்கிறவன். அவனுக்கு நம்பர்தான் சௌகரியம். வேணும்னா திருப்பிப் பாத்துக்கலாம்."

"எங்களுக்கு யார் சொன்னாங்கறதுதான் டாக்டர் பாதி விஷயம்" என்றேன். "கிளினிக்ல கேட்டவன் சொன்னானா, வீட்டுக்குப் போய்க் கேட்டவ சொன்னாளா? வெள்ளைக்காரன் காலத்துல சொன்னதா, போன வருஷம் சொன்னதா? அது தெரியாம ஒரு வரியை நாங்க நம்ப மாட்டோம். அதனாலதான் பேரும் வருஷமும் கண்ணு முன்னாலயே இருக்கணும்னு வெச்சிருக்கோம். இந்தக் கட்டுரையோட விஷயமே யார் கேட்டாங்கங்கறதுதானே? அதையே நீங்க நம்பர் போட்டு மறைச்சிட்டீங்க."

அவர் ஜர்னலை மூடி வைத்தார். "வேணும்னு பண்ணலம்மா" என்றார். உண்மைதான். வேண்டும் என்று செய்திருந்தால் நன்றாகச் சண்டை போட்டிருக்கலாம். கல்லூரிக்கு ஒரு கடிதம் தருவதாகச் சொன்னார். ஆளைப் போட்டாயிற்று, இனி கடிதத்தை ஊறுகாய் போடலாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

அன்றைக்கு நான் ஒன்றை உறுதியாக நம்பினேன். எங்கள் முறை நியாயமானது, ஆளை மறைக்காது. கல்லூரி ஆசிரியர் அறையில் வரலாற்றுத்துறைக்காரர் ஒருவர், அடிக்குறிப்பில் ஆதாரம் போடுகிறவர், "உங்க அடைப்புக்குறி எங்களுக்கு ஒத்துவராதும்மா. தாலுகா ஆபீஸ் பழைய கட்டுல கிடைச்ச ஒரு தாளுக்கு யாருன்னு பேர் போடுறது? அது எந்தக் கட்டு, எந்த உறைன்னு அடியில விவரமா எழுதினாத்தான் அடுத்தவன் தேடிப் போக முடியும்" என்று வாதம் செய்வார். அவரவர் சரக்குக்குத் தக்க பை என்று சிரிப்பேன். ஆனால் மனசுக்குள், பெயரைச் சொல்லும் துறை என்னுடையது என்ற கர்வம் இருந்தது. அந்தக் கர்வத்தில்தான் பிஎச்.டி.க்குப் பதிவு செய்தேன். அதே விஷயம், அதே பெண்கள், இன்னும் விரிவாக. இந்த முறை என் பெயரில்.

கல்யாணம் ஆகி முகப்பேரில் ஹவுசிங் போர்டு வீட்டில் இருந்தேன். குழந்தை தூங்கும் நேரத்தில் எழுதி, முக்கிய அத்தியாயத்தை என் நெறியாளரிடம் கொடுத்தேன். கறாரான அம்மாள், என்மேல் பிரியம் உள்ளவர். படித்துவிட்டுக் கூப்பிட்டார்.

"கிளினிக்ல மறைக்கிறாங்க, வீட்டுல சொல்றாங்கங்கிறதை உன் கண்டுபிடிப்பா எழுதியிருக்க."

"என்னுதுதானே மேடம்."

"உன்னுதுன்னு எனக்குத் தெரியும். ஆனா அச்சுல ஏற்கெனவே வந்திருக்கு. மலர்ல ஒண்ணு, ஜர்னல்ல ஒண்ணு. வந்ததை வரலைன்னு எழுத முடியுமா? எக்ஸாமினர் எடுத்துக் காட்டினா திருட்டுன்னு சொல்லிடுவான். ஒவ்வொரு எடத்துலயும் ஆதாரம் குடு."

"எப்படிக் குடுக்கிறது?" என்று கேட்கும்போதே எனக்கு விடை தெரிந்துவிட்டது. எங்கள் விதிதான். மாணவர்களுக்கு நானே கரும்பலகையில் எழுதிப்போட்ட விதி. ஆசிரியர்கள் பலர் என்றால் வாக்கியத்துக்குள் முதல் ஆசிரியர் பெயர், 'மற்றும் பிறர்', வருடம். பின்னால் பட்டியலில் வேண்டுமானால் ஏழு பேரும் வரலாம். ஆனால் வரியில் வருவது முதல் பெயர் மட்டும். மலரும் ஜர்னலும் ஒரே வருடத்தில் வந்திருந்ததால், குழம்பாமலிருக்க வருடத்துக்குப் பின்னால் ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து வேறு போட வேண்டும்.

ஆகவே எழுதினேன். நான் அத்திப்பட்டில் தரையில் உட்கார்ந்து கேட்டதற்குப் பக்கத்தில் டாக்டர் பெயர். நான் நாய்க்குப் பயந்து ஓடியதற்குப் பக்கத்தில் அவர் பெயர். 'வீட்டு விசாரணையில் பெண்கள் மனம் திறந்தனர்' என்று எழுதி, அடைப்புக்குறி போட்டு, ஒரு வீட்டு வாசலையும் மிதிக்காத மனிதரின் பெயரையும் வருடத்தையும் என் கையாலேயே எழுதினேன். பக்கத்துக்குப் பக்கம். எண் முறை என்னை மறைத்ததோடு விட்டது. பெயர் முறை அவரை ஊரெல்லாம் கூப்பிட்டுச் சொன்னது. எத்தனை இடம் என்று எண்ண ஆரம்பித்து, பாதியில் பேனாவை மூடி வைத்துவிட்டேன். ஆனால் ஓர் இடத்தையும் விடவில்லை. விட்டால் திருடி ஆகிவிடுவேனே.

தேர்வாளர் அறிக்கை நல்லபடியாக வந்தது. 'முன்னோடியின் கண்டுபிடிப்பை ஆய்வாளர் நேர்மையுடன் ஒப்புக்கொண்டு, அதனை விசுவாசமாகப் பின்பற்றியுள்ளார்' என்று பாராட்டியிருந்தார். நெறியாளர் அந்த வரியை எனக்குப் படித்துக் காட்டும்போது தலையை நிமிர்த்தவில்லை.

வாய்மொழித் தேர்வு யார் வேண்டுமானாலும் வந்து உட்காரக் கூடியது. யாரோ தகவல் சொல்லி டாக்டரும் வந்திருந்தார். தலை நரைத்திருந்தது. தேர்வாளர் அவரை அடையாளம் கண்டு எழுந்து கைகுலுக்கி, "இந்தத் துறைக்கு வித்திட்டவர் நம்ம நடுவுலயே இருக்கார்" என்று அவையில் சொன்னார். கைதட்டினார்கள். டாக்டர் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார், அதற்குள் தேர்வாளர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். நான் எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னேன். பட்டம் பரிந்துரைக்கப்படுகிறது என்று அறிவித்தார்கள்.

முடிந்ததும் வந்தவர்களுக்கு டிபன். நான்தான் பரிமாறிக்கொண்டிருந்தேன். டாக்டர் ஆய்வேட்டின் பிரதி ஒன்றைக் கையில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தார். பக்கம் தள்ளத் தள்ள அவர் முகம் ஒரு மாதிரி ஆகிக்கொண்டே போனது. கடைசியில் என் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காமல், மெதுவாகச் சொன்னார்.

"எல்லாப் பக்கத்துலயும் என் பேரே இருக்கேம்மா. கூச்சமா இருக்கு. ஒரு நம்பர் போட்டிருந்தா போதாதா?"

கையில் சாம்பார் வாளி இருந்தது. அவர் தட்டில் இட்லி காய்ந்திருந்தது. கொஞ்சம் ஊற்றினேன்.